போஸ்டரில் சிரிக்கும் பெண் யார்?
அச்சடிக்கும் முன் கடைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

தர்மபுரி பஸ் நிலையத்தைச் சுற்றி ஒரு முறை நடந்து பாருங்கள். எங்கு திரும்பினாலும் படம்!

நகைக்கடை பேனரில் பட்டுச்சேலை கட்டிய பெண் சிரிக்கிறாள். ஆஸ்பத்திரி நோட்டீசில் வெள்ளைக் கோட்டு போட்ட டாக்டர் நிற்கிறார். வீட்டுமனை விளம்பரத்தில் அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள் பச்சைப் புல்லில் ஓடுகிறார்கள்.

அந்தப் பெண் யார்? அந்தக் குடும்பம் எந்த ஊர்?

கடைக்காரரைக் கேட்டால், "அச்சகத்தில் போட்டுக் கொடுத்தார்கள்" என்பார். அச்சகத்தில் கேட்டால், "கம்ப்யூட்டரில் இருந்தது அண்ணே" என்பார்கள். கம்ப்யூட்டருக்குள் அந்தப் படம் எப்படி வந்தது? அதற்கு மட்டும் பதில் இருக்காது.

பதில் இல்லாத இந்தக் கேள்விதான் இப்போது கோர்ட்டு வரை போகிறது.

பெண் தொடர்ந்த வழக்கு

2025-ம் ஆண்டு மார்ச் மாதம் மும்பை ஐகோர்ட்டுக்கு ஒரு வழக்கு வந்தது. வழக்குப் போட்டவர் ஒரு பெண்.

அவர் சொன்னது இதுதான்: "தெரிந்த போட்டோகிராபர் ஒருவர் என்னைப் படம் எடுத்தார். என்னிடம் சொல்லாமல் அந்தப் படத்தை 'ஷட்டர்ஸ்டாக்' என்ற இணையதளத்தில் போட்டுவிட்டார். இப்போது மராட்டியம், தெலுங்கானா உள்பட பல மாநில அரசுகளின் விளம்பரங்களில் என் முகம் இருக்கிறது. என்னை யாரும் கேட்கவில்லை."

ஷட்டர்ஸ்டாக் என்பது படங்களை விற்கும் அமெரிக்கக் கம்பெனி. விளம்பரம் செய்கிறவர்கள் அங்கே பணம் கட்டிப் படம் வாங்குவார்கள். கடையில் சரக்கு அடுக்கி வைத்திருப்பதுபோல் படங்களை அடுக்கி வைத்திருப்பதால், இவற்றுக்கு 'ஸ்டாக் படம்' என்று பெயர்.

பெண்ணின் படத்தை வைத்து வியாபாரம் நடந்திருப்பதாகவே மேல்பார்வைக்குத் தெரிகிறது என்று நீதிபதிகள் கூறினார்கள். பதில் சொல்லும்படி நோட்டீசு அனுப்பவும் உத்தரவிட்டார்கள்.

அரசாங்கத்துக்கே இந்த நிலைமை என்றால், பாலக்கோட்டிலும் அரூரிலும் கடை வைத்திருப்பவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டாமா?

ஒரு படம், இரண்டு அனுமதி

பலர் நினைப்பது இது: "படத்தை எடுத்தவருக்குப் பணம் கொடுத்துவிட்டால் போதும்."

போதாது.

ஒரு படத்தில் இரண்டு பேருக்கு உரிமை இருக்கலாம். ஒருவர், படத்தை எடுத்தவர் அல்லது வரைந்தவர். அவருடைய உரிமைக்குப் 'பதிப்புரிமை' என்று பெயர். காப்பிரைட் என்று சொல்கிறோமே, அதுதான். இந்தியாவில் இதற்கு 1957-ம் ஆண்டில் சட்டம் வந்தது.

இன்னொருவர், படத்தில் இருப்பவர். முகம் அவருடையது. அந்த முகத்தைக் காட்டிச் சேலையோ, நகையோ, மருந்தோ விற்க வேண்டுமானால் அவருடைய சம்மதமும் வேண்டும். ஸ்டாக் படக் கம்பெனிகள் இந்தச் சம்மதத்தைப் பத்திரமாக எழுதி வாங்கும். அதற்கு 'மாடல் ரிலீஸ்' என்று பெயர்.

படத்தின் பக்கத்தில் "Editorial Use Only" என்று எழுதியிருந்தால், அந்தப் படம் செய்திக்கும் கட்டுரைக்கும் மட்டுமே. விளம்பரத்துக்குப் போடக்கூடாது. பணம் கட்டி வாங்கியிருந்தாலும் கூடாது.

பணம் வாங்காமல் படம் கொடுக்கும் தளங்களும் உண்டு. பெக்செல்ஸ், அன்ஸ்பிளாஷ் போன்றவை அப்படிப்பட்டவை. அங்கே எடுத்த படத்தை வியாபாரத்துக்கும் போடலாம். ஆனால் அவர்கள் கொடுப்பது படம் எடுத்தவரின் அனுமதிதான். படத்தில் இருக்கும் ஆள் சம்மதித்தாரா என்பதைப் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

ஆஸ்பத்திரி நடத்துகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஸ்டாக் படத்தில் இருப்பவரை நோயாளியாகக் காட்டக்கூடாது என்பது பெரிய கம்பெனிகளின் நிபந்தனைகளில் ஒன்று. பணம் கட்டி வாங்கிய முகத்தின் மேல், "இவருக்கு இருந்த தோல் நோய் எங்கள் சிகிச்சையால் போயிற்று" என்று எழுதினால், லைசென்சு இருந்தும் தப்புத்தான்.

முசாபர்நகர் பேனர்

"எங்கோ பெரிய ஊரில் இருப்பவர்கள் நம்ம ஊர் பேனரையா பார்க்கப் போகிறார்கள்?" இப்படிக் கேட்பவர்கள் உண்டு.

உத்தரப்பிரதேசத்தில் முசாபர்நகர் என்று ஒரு ஊர். அங்கே ராம்குமார் ஜுவல்லர்ஸ் என்ற நகைக்கடை ஒரு பேனர் வைத்தது. பேனரில் நடிகர் அமிதாப்பச்சனும் அவருடைய மனைவி ஜெயாபச்சனும் இருந்தார்கள். 'தனிஷ்க்' நகைக்காக டைட்டன் கம்பெனி ஒப்பந்தம் போட்டு எடுத்த படம் அது.

டைட்டன் கம்பெனி டெல்லி ஐகோர்ட்டில் வழக்குப் போட்டது. 2012-ல் தீர்ப்பு வந்தது. படத்தின் பதிப்புரிமையும் மீறப்பட்டது, பிரபலமானவர்களின் முகத்துக்குரிய உரிமையும் மீறப்பட்டது என்று கோர்ட்டு கூறியது. அந்தப் படத்தை இனிப் போடக்கூடாது என்று தடை விதித்தது.

ஊர் சிறியதாக இருந்தது தப்பிக்க வழியாக இல்லை. இன்றைக்கோ நிலைமை இன்னும் கடினம். பேனரை யாராவது செல்போனில் படம் பிடித்து பேஸ்புக்கில் போட்டால் போதும். தங்கள் படம் எங்கெங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் மூலம் தேடிக் கண்டுபிடித்துப் பணம் கேட்பதையே தொழிலாக வைத்திருக்கும் கம்பெனிகள் வெளிநாட்டில் உண்டு.

ஒரு தீபாவளி போஸ்டர்

இனி ஒரு உதாரணம் பார்க்கலாம்.

பாலக்கோட்டில் ஒரு ஜவுளிக்கடை என்று வைத்துக்கொள்வோம். தீபாவளிக்கு 2 ஆயிரம் நோட்டீசும், 3 பிளக்ஸ் பேனரும் வேண்டும். அச்சகத்தில் டிசைன் போட்டுக் கொடுக்கிறார்கள். பின்னணியில் தங்க நிறத்தில் விளக்குகள். முன்னால் பட்டுச்சேலை கட்டிய பெண். மூலையில் ஒகேனக்கல் அருவி.

மொத்தம் மூன்று படங்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் விளக்குப் பின்னணி. படம் அச்சகத்துக் கம்ப்யூட்டரில் "istockphoto-...-612x612.jpg" என்ற பெயரில் இருக்கிறது. இந்தப் பெயரே கதையைச் சொல்லிவிடும். ஸ்டாக் படக் கம்பெனி, வாங்குவதற்கு முன் பார்ப்பதற்காக வைத்திருக்கும் மாதிரிப் படம் இது. பணம் கட்டி வாங்கியது அல்ல.

மாதிரிப் படத்தின் மேல் கம்பெனியின் பெயர் மங்கலாக அச்சாகி இருக்கும். 'வாட்டர்மார்க்' என்பார்கள். அதை அழித்துவிட்டுப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அழிப்பதுதான் பெரிய ஆபத்து. "இது மற்றவர் படம் என்று எனக்குத் தெரியாது" என்று பிறகு சொல்ல முடியாது. தெரிந்ததால்தானே அழித்தீர்கள் என்று கேட்பார்கள்.

தொழிலுக்கும் அது நல்லதல்ல. 612 புள்ளி அகலம் உள்ள படத்தை 10 அடி பேனருக்கு, அதாவது 120 அங்குலத்துக்கு இழுத்தால் ஒரு அங்குலத்துக்கு 5 புள்ளிதான் வரும். பேனரில் விளக்குகள் கட்டம் கட்டமாகத் தெரியும்.

அதே படத்தை முறையாக வாங்கினால் என்ன? ஷட்டர்ஸ்டாக் போன்ற கம்பெனிகளின் சாதாரண லைசென்சிலேயே 5 லட்சம் பிரதி வரை அச்சடிக்கலாம். 2 ஆயிரம் நோட்டீசு எம்மாத்திரம்! பெரிய லைசென்சு தேவையே இல்லை. கவனிக்க வேண்டியது வேறு. அச்சகம் ஒரு கடைக்காக வாங்கிய படத்தை அடுத்த கடைக்கும் போட்டுக் கொடுக்கக் கூடாது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனியாக வாங்க வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. "எங்கள் அச்சகத்தில் லைசென்சு இருக்கிறது" என்றால், "என் கடைக்காக வாங்கியதா?" என்று கேளுங்கள்.

இரண்டாவது, சேலை கட்டிய பெண். கூகுளில் தேடி எடுத்த படம். கூகுள் படத்தைத் தேடித்தான் கொடுக்கிறது. படம் அதற்குச் சொந்தம் அல்ல. "கூகுளில் இருந்து எடுத்தேன்" என்பது, "சந்தையில் இருந்து எடுத்தேன்" என்று சொல்வதுபோலத்தான். சந்தையில் யாருடைய கடையில் இருந்து எடுத்தீர்கள் என்பதுதான் கேள்வி. இங்கே எடுத்தவரும் தெரியாது, படத்தில் இருப்பவரும் தெரியாது. இரண்டு அனுமதியும் இல்லை.

மூன்றாவது, ஒகேனக்கல். அருவி யாருக்கும் சொந்தமில்லை. அதற்குக் காப்பிரைட் கிடையாது. ஆனால் அருவியைப் படம் எடுத்தவருக்கு அந்தப் படத்தின் மேல் உரிமை உண்டு. பேஸ்புக்கில் யாரோ போட்ட படத்தை எடுத்துப் போட்டால் அதுவும் மீறல்தான்.

இதற்கு வழி சுலபம். ஒகேனக்கலுக்கு ஒரு போட்டோகிராபரை அனுப்பிப் படம் எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் கூலி கொடுத்து, உங்களுக்காக எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு நீங்களே முதல் சொந்தக்காரர் என்று 1957-ம் ஆண்டு சட்டத்தின் 17-வது பிரிவு சொல்கிறது. வேறு விதமாக ஒப்பந்தம் செய்யாமல் இருந்தால் சரி. பரிசல் ஓட்டுகிறவரின் முகம் படத்தில் நன்றாகத் தெரிந்தால், அவரிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சேலை கட்டிய பெண்ணுக்கும் இதே முறைதான். 18 வயது ஆகாதவர் என்றால் தாய் தந்தை கையெழுத்துப் போட வேண்டும்.

கம்ப்யூட்டரே வரைந்தால்?

"இந்தத் தொல்லையே வேண்டாம். ஏ.ஐ.-யில் போட்டுக்கொள்கிறோம்" என்று இப்போது அச்சகங்களில் சொல்கிறார்கள்.

ஏ.ஐ. என்பது செயற்கை நுண்ணறிவு. "பட்டுச்சேலை கட்டிய பெண், பின்னால் விளக்குகள்" என்று எழுதினால் கம்ப்யூட்டரே ஒரு படத்தை உருவாக்கிக் கொடுக்கும். போட்டோகிராபர் இல்லை. மாடலும் இல்லை. அப்படியானால் தொல்லை தீர்ந்ததா?

பாதிதான் தீர்ந்தது.

முதலில், அந்தத் தளத்தின் நிபந்தனையைப் படிக்க வேண்டும். சில தளங்களில் இலவசக் கணக்கு சொந்த உபயோகத்துக்கு மட்டும். வியாபாரத்துக்குப் போட வேண்டுமானால் பணம் கட்ட வேண்டும்.

அடுத்தது முகம். நடிகரின் முகத்தைக் கம்ப்யூட்டர் வரைந்து கொடுத்தாலும் அது நடிகரின் முகம்தான். தன் பெயரையும் உருவத்தையும் பாணியையும் கேட்காமல் பயன்படுத்தியதாக ஒரு இந்திப் படத்தை எதிர்த்து ரஜினிகாந்த் வழக்குப் போட்டார். 2015-ல் சென்னை ஐகோர்ட்டு அவருக்குச் சாதகமாகத் தடை உத்தரவு கொடுத்தது. 2023-ல் இந்தி நடிகர் அனில்கபூர் டெல்லி ஐகோர்ட்டில் பெற்ற உத்தரவு, ஏ.ஐ. மூலம் அவருடைய உருவத்தை உருவாக்குவதையும் சேர்த்தே தடுத்தது.

கார்ட்டூன் பாத்திரங்களும் இப்படித்தான். பள்ளிக்கூட விளம்பரத்துக்குக் குழந்தைகளுக்குப் பிடித்த சினிமா பொம்மையைக் கம்ப்யூட்டரில் வரையச் சொல்கிறார்கள். அப்படி வரைந்து கொடுக்கும் 'மிட்ஜர்னி' கம்பெனியின் மீதே டிஸ்னி, யுனிவர்சல் கம்பெனிகள் 2025 ஜூன் மாதத்தில் அமெரிக்காவில் வழக்குப் போட்டன.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 'கெட்டி இமேஜஸ்' என்ற படக் கம்பெனி லண்டன் கோர்ட்டில் 'ஸ்டெபிலிட்டி ஏ.ஐ.' என்ற கம்பெனியின் மீது வழக்குப் போட்டது. கம்ப்யூட்டர் வரைந்த சில படங்களில் கெட்டி கம்பெனியின் வாட்டர்மார்க்கும் மங்கலாகச் சேர்ந்து வந்திருந்தது! 2025 நவம்பரில் தீர்ப்பு வந்தது. பெரும்பாலான விஷயங்களில் கெட்டி தோற்றது. ஆனால் வாட்டர்மார்க் வந்த சில படங்களில் டிரேட்மார்க் மீறல் நடந்தது என்று நீதிபதி ஒப்புக்கொண்டார். ஆகவே கம்ப்யூட்டர் கொடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மூலையில் எழுத்து மாதிரி ஏதாவது தெரிந்தால் அந்தப் படம் வேண்டாம்.

உங்கள் படத்தை எதிர்க்கடை போட்டால்?

இதைப் பலர் யோசிப்பதே இல்லை.

ஏ.ஐ. படத்தை வைத்து அழகாக ஒரு போஸ்டர் போடுகிறீர்கள். அடுத்த வாரம் எதிர்க்கடைக்காரர் அதே படத்தை எடுத்துப் போடுகிறார். அவரைத் தடுக்க முடியுமா?

அமெரிக்காவில் 2023-ல் ஒரு படக்கதைப் புத்தகம் பற்றி இந்தக் கேள்வி வந்தது. கதை எழுதியது மனிதர். படங்கள் ஏ.ஐ. கொடுத்தவை. எழுத்துக்கும், பக்கங்களை அமைத்த விதத்துக்கும் பதிப்புரிமை உண்டு, தனித்தனிப் படங்களுக்கு இல்லை என்று அந்த நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் முடிவு சொன்னது.

நம் நாட்டுச் சட்டத்தில், கம்ப்யூட்டரால் உருவான படைப்புக்கு அதை உருவாகும்படி செய்தவரே ஆசிரியர் என்று ஒரு வரி இருக்கிறது. 1994-ல் சேர்த்த வரி அது. அப்போது இந்த ஏ.ஐ. கிடையாது. 2020-ல் 'சூர்யாஸ்த்' என்ற ஓவியத்துக்கு, ஒரு மனிதரையும் ஒரு ஏ.ஐ. கருவியையும் சேர்த்து ஆசிரியர்களாக நமது பதிப்புரிமை அலுவலகம் பதிவு செய்தது. அடுத்த ஆண்டே பதிவைத் திரும்பப் பெறுவதாக நோட்டீசு கொடுத்தது. அலுவலகத்துக்கே தடுமாற்றம்!

எனவே கடையின் அடையாளமாகப் பல வருடம் நிற்க வேண்டிய படத்தை ஏ.ஐ.-யிடம் விடாதீர்கள். கடையின் சின்னம், முதலாளியின் உருவம் போன்றவற்றை ஒரு ஓவியரிடமோ போட்டோகிராபரிடமோ கொடுங்கள். ஒரு வாரம் கட்டி அவிழ்க்கும் பேனரின் பின்னணிக்கு ஏ.ஐ. போதும்.

ஜவுளிக்கடைக்கு ஒரு வார்த்தை. கம்ப்யூட்டர் வரைந்த சேலை உங்கள் கடையில் இருக்காது. படத்தைப் பார்த்து, பென்னாகரத்தில் இருந்து பஸ் ஏறி வந்தவர் "அந்தச் சேலையை எடுங்கள்" என்றால் என்ன செய்வீர்கள்? தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019-ம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தில் இடம் இருக்கிறது. சேலையை மட்டுமாவது உங்கள் கடைச் சேலையாகவே படம் எடுங்கள்.

நோட்டீசு வந்தால்

"நீங்கள் போட்ட படம் எங்களுடையது. பணம் கட்டுங்கள்" என்று ஒரு நாள் கடிதம் வருகிறது. என்ன செய்வது?

கிழித்துப் போடவும் வேண்டாம். பயந்து உடனே பணம் அனுப்பவும் வேண்டாம்.

முதலில் பேனரை இறக்குங்கள். பிறகு அச்சகத்தின் பில்லையும், படம் வாங்கிய ரசீதையும் தேடுங்கள். கடிதம் அனுப்பியவரிடம், படம் அவருடையதுதான் என்பதற்கு ஆதாரம் கேளுங்கள். பிறகு ஒரு வக்கீலைப் பாருங்கள்.

சட்டம் இரண்டு பக்கமும் பேசுகிறது. லாபத்துக்காக, தெரிந்தே பதிப்புரிமையை மீறினால் 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறைத்தண்டனை உண்டு. 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இது போலீசார் வாரண்டு இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனில் விட வேண்டிய கட்டாயம் இல்லாத குற்றம் என்று சுப்ரீம் கோர்ட்டு 2022-ல் கூறியது. துணை போனவரும் குற்றவாளிதான். கடைக்காரரும் அச்சகத்தாரும் ஒருவரை ஒருவர் கைகாட்டித் தப்ப முடியாது.

ஆனால் 'தெரிந்தே' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். பணம் கொடுத்து, ரசீது வாங்கி, நல்ல நம்பிக்கையில் படம் போட்டவரின் நிலைமை வேறு. அந்த ரசீதுதான் அவருக்குக் கவசம்.

உரிமையே இல்லாதவர் பொய்யாக மிரட்டினால், மிரட்டப்பட்டவரே கோர்ட்டுக்குப் போய் நஷ்டஈடு கேட்கலாம். அதற்கு 60-வது பிரிவு இருக்கிறது.

இன்னொரு சங்கடமும் உண்டு. படத்தின் சொந்தக்காரர் தான் இருக்கும் ஊரிலேயே வழக்குப் போடச் சட்டம் பல நேரங்களில் இடம் கொடுக்கிறது. அவர் டெல்லியில் இருந்தால், பாலக்கோட்டுக் கடைக்காரர் டெல்லிக்கு அலைய நேரிடலாம். ரெயில் செலவே படத்தின் விலையைவிட அதிகம் ஆகிவிடும்.

பில்லில் நான்கு வரி

போஸ்டருக்குச் சொல்லும்போதே அச்சகத்தில் இதைக் கேளுங்கள்: "தம்பி, ஒவ்வொரு படத்துக்கும் பில்லில் நான்கு விஷயம் எழுதிக் கொடு."

படம் எங்கிருந்து வந்தது? யார் பெயரில், என்றைக்கு லைசென்சு வாங்கியது? படத்தில் ஆள் இருந்தால் அவருடைய சம்மதப் பத்திரம் இருக்கிறதா? ஏ.ஐ. படம் என்றால் எந்தத் தளம், பணம் கட்டிய கணக்கா?

லைசென்சு பக்கத்தைச் செல்போனில் ஒரு படம் பிடித்து பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள். தளங்கள் நிபந்தனையை மாற்றும். நீங்கள் வாங்கிய நாளில் என்ன எழுதியிருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

அச்சகம் நடத்துகிறவர்களுக்கும் இது நல்லது. கம்ப்யூட்டரில் 'பேக்ரவுண்டு' என்ற பெயரில் வருடக்கணக்காகச் சேர்ந்து கிடக்கும் படங்களைத் திறந்து பாருங்கள். "shutterstock_" என்று தொடங்கும் பெயர்களும், 612x612 என்று முடியும் பெயர்களும் கண்ணில் படும். ரசீது இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாததைத் தனியாகப் பிரித்து வையுங்கள். பெயர் மாற்றி வைத்த படத்தைக் கூகுளின் படத்தேடலில் போட்டுப் பாருங்கள். விற்பனைத் தளத்தில் அதே படம் வந்தால் விஷயம் விளங்கிவிடும்.

ஒரு பேனருக்குத் துணி, மை, கம்பு, கயிறு எல்லாவற்றுக்கும் கணக்குப் பார்க்கிறோம். இனிப் படத்துக்கும் ஒரு வரி போடுவோம். அந்த வரி பில்லில் இருந்தால், நோட்டீசு வரும் நாளில் கடைக்காரர் நிம்மதியாகத் தூங்கலாம்.